மழைச் சத்தத்தைப் பாட்டுக்கு அடியில் வைப்பது எப்படி: ஷீட்டுக் கூரையிலிருந்து கடைசி மிக்ஸ் வரை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பாட்டுப் பதிவு செய்ய வருவார்கள். அதில் பாதிப் பேராவது ஒரு கட்டத்தில் "அண்ணா, பின்னாடி லேசா மழை போட்டா நல்லா இருக்கும்ல" என்று கேட்பார்கள். பதிவு செய்தும் வருவார்கள். போட்டுக் கேட்டால் எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிகிற மாதிரி இருக்கும்.

அந்தச் சத்தம் ஏன் வடை மாதிரி ஆகிறது, எந்த வரிசையில் செய்தால் ஆகாது என்பதை ஒரே ஒரு பாட்டை வைத்து முழுதாகச் சொல்கிறேன். பாட்டின் நீளம் 4 நிமிடம் 10 நொடி. ஒரு குரல், ஒரு அகூஸ்டிக் கிடார், வேறு எதுவும் இல்லை. துறைமுகத்துக்கு நைட் ஷிப்ட் போன அப்பா வீடு திரும்பக் காத்திருக்கும் பிள்ளை பாடுவதாக எழுதப்பட்டது. மழை வார்த்தையாக அதில் எங்கேயும் வராது.

## 1. பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மழை வந்ததும் போனை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் முதல் தவறு. அதற்கு முன்னால், இந்தப் பாட்டில் பாடுகிறவர் வீட்டுக்குள் இருக்கிறாரா, வாசலில் இருக்கிறாரா, நனைந்துகொண்டு நடக்கிறாரா என்று பாட்டைக் கேட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். மைக்கை வைக்கும் இடம் இந்த ஒரு வரியிலிருந்துதான் வரும்.

எங்கள் பாட்டில் பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மழை. அப்படியென்றால் மைக்கும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், திறந்த ஜன்னலிலிருந்து நாலைந்து அடி உள்ளே. வெளியே போய் நெருக்கமாகப் பதிவு செய்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் "தூரமாக" ஆக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். சத்தத்தைக் குறைத்தால் சின்னதாகும், தூரமாகாது. தூரத்து மழையில் துளித்துளியாக எதுவும் பிரிந்து கேட்காது, எல்லாம் கலந்து, சுவரில் பட்டுத் திரும்பித்தான் வரும். நெருக்கத்தில் எடுத்ததில் தனித்தனித் துளியின் டக் டக் பதிவாகிவிட்டால் அதை எவ்வளவு குறைத்தாலும் காது அதைப் பக்கத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

## 2. மழை எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள்

விழுகிற மழைக்கு என்று பெரிய சத்தம் கிடையாது. நாம் கேட்பது அது மோதுகிற பொருளின் சத்தம். இதைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

வடசென்னையில் நமக்கு இதில் பஞ்சமே இல்லை. ஒரே சந்தில் தகர ஷீட், சிமென்ட் ஷீட், நீலத் தார்ப்பாய், தண்ணீர் பிடிக்க வைத்த பிளாஸ்டிக் குடம், வேப்பமரம், நிறுத்தி வைத்த ஆட்டோவின் கூரை எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் வேறு மழை.

தகரம் கூர்மையாக ஒலிக்கும். மனிதக் குரலில் சொல் தெளிவாகக் கேட்பதற்குக் காரணமான பகுதி தோராயமாக 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. தகரத்தின் சத்தம் அங்கேயே நிறைய வந்து உட்காரும். அதனால்தான் தகரக் கூரைக்கு நேர் கீழே எடுத்த மழை பாட்டோடு சேர்ந்ததும் வடைச் சட்டி ஆகிறது, பாடகரின் ச, ட, த எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. சிமென்ட் ஷீட் கொஞ்சம் மந்தமானது, அடித்தொண்டையில் பேசுவது போல. தார்ப்பாயில் ஒரு பம் பம் வரும், பெரிய துளி விழுந்தால் மத்தளம் மாதிரி இருக்கும். இலை மேல் விழுவது எல்லாவற்றையும்விட மென்மை, குரலுக்கு அடியில் வைக்க மிகச் சுலபமானது.

நாங்கள் எடுத்தது எதிர் வீட்டு மாடியின் சிமென்ட் ஷீட். நடுவில் சந்து. சந்தில் ஓடும் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. எங்கள் கூரையில் விழுந்ததை எடுக்கவில்லை, அது கான்கிரீட் தளம், அறைக்குள் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது.

## 3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மழை வந்த பிறகு இவற்றைத் தேட முடியாது. ஐப்பசி தொடங்கும்போதே ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள்.

கையடக்க ரெக்கார்டரோ, நல்ல போனோ, எது இருக்கிறதோ அது. அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட். கையில் பிடிக்கவே பிடிக்காதீர்கள், விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கரகரவென்று பதிவாகும், மழைக்கு நடுவில் அதை அப்புறம் பிரித்து எடுக்க முடியாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் மடித்த துண்டின் மேல் வையுங்கள். துண்டு இருந்தால் தரையின் அதிர்வும் மைக்குக்கு வராது.

வடகிழக்குப் பருவமழை நமக்குக் கடல் பக்கமிருந்து காற்றோடு வரும். காற்று மைக்கில் பட்டால் வரும் புடபுடச் சத்தம் பதிவையே கெடுத்துவிடும். மைக்குக்கு முடி மாதிரி இருக்கும் காற்றுத் தடுப்பு உறை வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கச் சுவருக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். தடித்த டவலைச் சுற்றுவது வேண்டாம், காற்றோடு சேர்த்து மழையின் மேல்தொனியையும் அது மூடிவிடும்.

ஒரு ஹெட்போன். ஒரு ஜிப் கவர், அதில் செருப்புப் பெட்டியில் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஏசி அறையிலிருந்து ரெக்கார்டரை நேராக மழை ஈரத்துக்குக் கொண்டுவந்தால் மைக்கில் ஈரம் படிந்து அவ்வப்போது டிக் டிக் என்று வெடிக்கும். அரை மணி நேரம் முன்பே ஏசி இல்லாத இடத்தில் கவரோடு வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

குடை? மைக்குக்கு மேல் குடை பிடிக்காதீர்கள். ஏறக்குறைய எல்லாரும் இதைச் செய்கிறார்கள். பதிவாவது குடைத் துணியில் மழை அடிக்கும் சத்தம்தான். சன்ஷேடுக்குக் கீழே நில்லுங்கள். மேலே ஏதாவது மறைத்தே ஆகவேண்டும் என்றால் அதன் மேல் ஒரு பழைய கம்பளியை விரியுங்கள், துளி சத்தமில்லாமல் விழும்.

இன்னொன்று, தண்ணீர் தேங்கிய தெருவில் மின்பெட்டிப் பக்கமோ, அறுந்து தொங்கும் கேபிள் பக்கமோ போக வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் மொட்டை மாடியும் வேண்டாம். ஜன்னலில் கிடைக்கும் மழை இந்தப் பாட்டுக்குப் போதும்.

## 4. போனில் எடுப்பதாக இருந்தால் ஒரு சோதனை

போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு இல்லாத தொடர் சத்தத்தை அது இரைச்சல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். மழை என்பது அதன் கணக்கில் முழுக்க இரைச்சல். அதனால் போனில் எடுத்த மழை மூச்சு விடுவது போல ஏறி இறங்கும், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலவும் ஆகிவிடும்.

மழைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பதிவை ஆரம்பித்து, ஒரு பத்து நொடி கழித்துப் போனுக்குப் பக்கத்தில் ஓங்கி ஒருமுறை கைதட்டுங்கள். திரும்பக் கேட்கும்போது கைதட்டலுக்கு அடுத்த நொடி குழாய்ச் சத்தம் பொசுக்கென்று தாழ்ந்து மெல்ல ஏறினால், போன் தானாக அளவை மாற்றுகிறது என்று அர்த்தம். கைதட்டாமலே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் இரைச்சல் நீக்கம் வேலை செய்கிறது.

இரண்டையும் அணைக்க வழி உள்ள, WAV கோப்பாகச் சேமிக்கும் ரெக்கார்டர் ஆப் ஒன்றைப் போடுங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் என்றால் அமைப்பில் `Audio Quality` என்பதை `Lossless` ஆக்குங்கள், இல்லாவிட்டால் சுருக்கப்பட்ட கோப்புதான் கிடைக்கும். பதிவுக்கு முன் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம், சில நேரம் சிக்னலின் டிட்டிட் சத்தமும் உள்ளே புகும்.

## 5. எப்போது எடுப்பது

எங்கள் பகுதியில் இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் தெரு அடங்கியிருக்கும். அதற்குப் பிறகு காசிமேட்டுக்குப் போகிற மீன் வண்டிகள், பால் வண்டிகள், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். கொருக்குப்பேட்டைப் பக்கம் இருந்தால் சரக்கு ரயிலின் ஹார்ன் எந்த நேரமும் வரலாம், அதற்குக் காத்திருந்து தாண்டித்தான் எடுக்க வேண்டும்.

மழை ஆரம்பித்த உடனே எடுக்காதீர்கள். முதல் பதினைந்து இருபது நிமிடம் அது ஏறும், இறங்கும், காற்றடிக்கும், யாராவது மாடியில் துணி எடுக்க ஓடுவார்கள். அப்புறம் ஒரே சீராகப் பெய்ய ஆரம்பிக்கும். பாட்டுக்கு அடியில் வைக்க வேண்டியது அந்தச் சீரான மழை. பெருமழை வேண்டாம், அது பதிவில் வெறும் ஷ்ஷ் என்றுதான் வரும். கையை நீட்டினால் துளிகளை எண்ண முடியாது, ஆனால் எதிர் வீடு தெளிவாகத் தெரிகிறது, அந்த அளவு மழைதான் நல்ல மழை.

## 6. அந்தப் பத்து நிமிடம்

பதிவுக்கு முன் மின்விசிறி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஒருமுறை காதால் தேடுங்கள். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தேடினால் உடனே தெரியும். ஃபேன் ஓசைக்கு நம் காது பழகிப்போயிருக்கும், மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், WAV. அளவு முள்ளின் உச்சம் -12 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். மழை மட்டும் இருக்கும்போது அது இன்னும் கீழேதான் நிற்கும், பதிவு மெலிதாக இருப்பதாகத் தோன்றும், பரவாயில்லை. திடீரென்று ஒரு இடியோ பைக் ஹார்னோ வந்தால் உச்சம் உடைந்துபோகாமல் இருக்க அந்த இடைவெளி தேவை. 24 பிட்டில் அப்புறம் ஏற்றிக்கொள்வதில் இழப்பு ஒன்றும் இல்லை.

ஆரம்பித்ததும் உங்கள் குரலில் இடம், நேரம், எதன் மேல் விழும் மழை, மைக் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே இரவில் ஐந்து பதிவு எடுத்தால் காலையில் எது எது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. கோப்புக்கும் அப்படியே பெயர் வையுங்கள்:

```
nov_0240_cement_sheet_jannal_5adi_01.wav
```

அப்புறம் மைக்கை விட்டு நகர்ந்து உட்கார்ந்து, பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். பாட்டு நாலு நிமிடம்தானே, எதற்குப் பத்து? காரணம் இரண்டு. சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அதில் உள்ள ஒரு நாய்க் குரைப்போ, ஒரு பெரிய சொட்டோ ஒவ்வொரு முப்பது நொடிக்கும் வரும், கேட்பவர் இரண்டாவது முறையே பிடித்துவிடுவார். இன்னொரு காரணம் 9ஆம் பகுதியில் வருகிறது, அங்கே முழுப் பத்து நிமிடமும் தேவைப்படும்.

மழை விட்ட பிறகு சன்ஷேடிலிருந்து சொட்டும் நீரை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் எடுத்து வையுங்கள். பாட்டு முடியும் இடத்துக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் சொட்டுக்குத் தாளம் உண்டு. பாட்டின் தாளத்தோடு ஒட்டாத சொட்டை, தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது வைத்தால் கிடார்காரர் தடுமாறுவது போலக் கேட்கும். கடைசிக் கார்டு அடங்கிய பிறகு மட்டும் வையுங்கள்.

## 7. தெருச் சத்தம் சேர்ப்பதாக இருந்தால்

அடியில் தொடர்ந்து ஓடும் சத்தம் ஒன்று, ஒருமுறை வந்து போகும் சத்தம் இன்னொன்று. இரண்டையும் ஒரே பதிவில் எதிர்பார்க்காதீர்கள், தனித்தனியாக எடுங்கள். ஒரே பதிவில் இருந்தால் வந்து போகும் சத்தத்தை மட்டும் இடம் மாற்ற நினைத்தாலும் முடியாது.

நாங்கள் இந்தப் பாட்டில் வைத்தது ஒன்றே ஒன்று, இரவில் வரும் சோன்பப்டி வண்டியின் மணி, தூரத்தில். மழை இல்லாத இன்னொரு இரவில் எடுத்தது. இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இடைவெளியில், குரல் இல்லாத இடத்தில் வைத்தோம். மணிக்கும் ஹார்னுக்கும் சுருதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாட்டின் சுருதியோடு உரசினால் கேட்பவருக்கு என்ன தப்பு என்று தெரியாது, ஆனால் முகம் சுளிக்கும். கிடாரில் அந்தச் சுருதியைத் தேடிப் பார்த்து, அது பொருந்தும் கார்டு ஓடும் இடத்துக்கு மணியை நகர்த்துங்கள். எங்கேயும் பொருந்தாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

டீக்கடை ஸ்பீக்கரிலோ, குப்பை வண்டியிலோ, கோயில் மைக்கிலோ பாட்டு ஓடும்போது எடுத்த பதிவு வேண்டவே வேண்டாம். இன்னொருவரின் பாட்டு உங்கள் பாட்டுக்குள் வந்துவிடும். யூடியூபில் ஏற்றும்போது உரிமைப் பிரச்சினையும் வரலாம். மக்கள் பேசுவது காதில் விழுந்தாலும் வார்த்தை புரியாத தூரத்தில் எடுங்கள். தமிழில் ஒரு வார்த்தை புரிந்தாலே கேட்பவரின் கவனம் பாடகரை விட்டு அங்கே போய்விடும். அது அடுத்த வீட்டுக்காரரின் சொந்தப் பேச்சு என்பதும் இருக்கிறது.

## 8. பதிவைச் சுத்தம் செய்தல்

நான் ஆடாசிட்டியை வைத்துச் சொல்கிறேன், இலவசமாகக் கிடைக்கிறது. வேறு மென்பொருளிலும் இதே வரிசைதான்.

பத்து நிமிடத்தையும் ஹெட்போனில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். இருமல், ஹார்ன், கதவுச் சத்தம் வரும் இடங்களைக் குறித்து, முன்னும் பின்னும் இரண்டு நொடி சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இரண்டு முனைகளையும் அப்படியே முட்ட வைத்தால் டக் என்று கேட்கும். ஒன்றின் மேல் ஒன்று மூன்று நான்கு நொடி படும்படி இரண்டு டிராக்கில் வைத்து, `Crossfade Tracks` கொடுங்கள். அதில் `Constant Gain` வேண்டாம், `Constant Power` வகையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வேறு மழைத் துண்டுகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை, நேர்கோட்டில் இறக்கி ஏற்றினால் நடுவில் சுமார் 3 டெசிபெல் பள்ளம் விழும். மழை ஒரு நொடி நின்று திரும்பியது போல இருக்கும்.

இரைச்சல் நீக்கும் கருவியை மழையில் போடாதீர்கள். 4ஆம் பகுதியில் போன் செய்வதாகச் சொன்ன அதே கேடு, இந்த முறை நம் கையாலேயே நடக்கும்.

## 9. ஒரு பதிவிலிருந்து இடமும் வலமும்

பத்து நிமிடம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். போனில் எடுத்தது பெரும்பாலும் மோனோ. அதை அப்படியே வைத்தால் மழை முழுக்க நடுவில், பாடகரின் வாய்க்கு நேர் பின்னால் நிற்கும். குரலுக்கும் இடம் அதுதான்.

பதிவின் முதல் 4 நிமிடம் 25 நொடியை ஒரு டிராக்கில் வைத்து முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். அடுத்த 4 நிமிடம் 25 நொடியை இன்னொரு டிராக்கில் வைத்து முழுக்க வலது பக்கம். ஒரே மழைதான், ஆனால் வேறு வேறு துளிகள். இரண்டு காதுக்கும் வேறு வேறு துளிகள் போவதால் மழை அறை முழுக்கப் பரவும், நடு இடம் குரலுக்குக் காலியாகும்.

ஒரே துண்டை நகலெடுத்து, ஒன்றை 20 மில்லிநொடி தள்ளி வைத்து அகலப்படுத்தும் வித்தையை நிறையப் பேர் செய்கிறார்கள். ஹெட்போனில் நன்றாகத்தான் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் இரண்டும் ஒன்றாகச் சேரும்போது சில தொனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மழை குழாய்க்குள் பெய்வது போல ஆகும். வேறு வேறு துண்டு என்றால் அந்தச் சிக்கலே வராது.

எங்கள் பாட்டில் மழையைப் பாட்டுக்கு நாலு நொடி முன்பே, ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல ஏற்றினோம். முதல் கிடார் நரம்போடு சேர்ந்து மழையும் ஆரம்பித்தால் யாரோ பட்டன் அழுத்தியது தெரிந்துவிடும். முடிவில் கடைசிக் கார்டு அடங்கி, பத்து நொடியில் மழை கரைந்து, சொட்டு மட்டும் இரண்டு முறை.

## 10. மழையைச் செதுக்குதல்

முதலில் `High-Pass Filter`, 150 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மழையில் நமக்குத் தேவையானது எதுவும் இல்லை. தூரத்து லாரியின் உறுமலும் காற்றும்தான் இருக்கும், அவை கிடாரின் தடித்த நரம்புகளைக் கலங்கலாக்கும்.

அடுத்து `Low-Pass Filter`, 8,000 ஹெர்ட்ஸ். உச்சியில் உள்ள ஸ்ஸ் குறைந்ததும் மழை ஓரடி பின்னால் போகும். ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழைக்கு அது பொருத்தம். நனைந்துகொண்டு பாடும் பாட்டாக இருந்தால் இதை விட்டுவிடலாம்.

கடைசியாக `Filter Curve EQ`வில் 2,000 முதல் 4,000 வரை ஒரு மெல்லிய பள்ளம், 4 அல்லது 5 டெசிபெல். 2ஆம் பகுதியில் சொன்ன, சொல் தெளிவுக்கான இடம் அது. இதற்கு மேல் ஆழமாகத் தோண்டினால் மழைக்கே அடையாளம் போய்விடும். தகரத்தில் எடுத்த மழைக்கு 5 போதாது என்று தோன்றினால், ஈக்யூவில் போராடாமல் வேறு மழை எடுத்து வருவதுதான் சரி.

## 11. எவ்வளவு அடியில்

காதை மட்டும் நம்பினால் இங்கே ஏமாறுவோம். மழையைப் பத்து நிமிடம் தொடர்ந்து கேட்டால் காது அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். "கேட்கவே இல்லையே" என்று கொஞ்சம் ஏற்றுவோம், மறுபடி கொஞ்சம். மறுநாள் காலையில் போட்டால் பாடகர் அருவிக்குப் பின்னால் நிற்பார். அதனால் முதலில் எண்ணை வைத்து ஒரு இடத்தில் நிறுத்துங்கள், காது அப்புறம்.

குரல் டிராக்கில் பாடும் பகுதி ஒன்றைத் தேர்ந்து, சராசரிச் சத்த அளவைச் சொல்லும் `Measure RMS` பாருங்கள். எங்களுக்கு -18 டெசிபெல் வந்தது. செதுக்கிய மழையில் -33 வந்தது. குரல் இருக்கும் இடத்தில் மழை குரலைவிடச் சுமார் 24 டெசிபெல் கீழே, அதாவது -42இல் இருக்க வேண்டும், குரல் இல்லாத இடத்தில் நாலு டெசிபெல் மேலே, -38 வரை வரலாம் என்று வைத்துக்கொண்டோம். எனவே இரண்டு மழை டிராக்கிலும் அளவுக் குமிழை -5இல் வைத்தோம். -33இலிருந்து 5 குறைந்தால் -38. `Measure RMS` குமிழைக் கணக்கில் எடுக்காது, கோப்பில் இருப்பதை மட்டும் அளக்கும். அதனால் இந்தக் கழித்தலை நாமே செய்ய வேண்டும்.

24 என்பது சட்டமல்ல. இலை மழை என்றால் 20 வரை வரலாம், தகரம் என்றால் 28 ஆனாலும் தெரியும். பாட்டை ஓடவிட்டு நடுவில் மழை டிராக்கை மட்டும் அணையுங்கள். அறை சட்டென்று காய்ந்துபோனது போல இருந்தால் அளவு சரி. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் 2 டெசிபெல் ஏற்றுங்கள். அணைப்பதற்கு முன்பே உங்கள் கவனம் மழை மேல் போய்விட்டது என்றால் 3 இறக்குங்கள்.

## 12. குரல் வரும்போது ஒதுங்கச் செய்தல்

மீதி நாலு டெசிபெலை `Auto Duck` செய்யும். மழை டிராக்குகள் மேலே, குரல் டிராக் அவற்றுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். வரிசை மாறினால் கிடாரைப் பார்த்து மழை ஒதுங்கும். குரலைத் தேர்ந்தெடுக்காமல், மழை டிராக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு இதைக் கொடுங்கள். இது மழையின் கோப்பையே மாற்றிவிடும், ஆகவே முதலில் மழையை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஒதுங்கும் அளவு -4. முன்னிருப்பாக -12 இருக்கும், அது வானொலியில் பேச்சுக்கு அடியில் இசையைத் தாழ்த்துவதற்கான அளவு. அப்படியே விட்டால் பாடகர் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாரோ ஜன்னலைச் சாத்துவது போல இருக்கும். `Maximum pause` 3 நொடி. வரிக்கும் வரிக்கும் நடுவில் பாடகர் மூச்சு எடுக்கும்போது மழை எட்டிப் பார்க்கக் கூடாது, பெரிய இடைவெளியில் மட்டும்தான் ஏற வேண்டும். ஏறும், இறங்கும் நேரம் ஒவ்வொன்றும் ஒன்றரை நொடி.

## 13. லிமிட்டருக்குப் பிறகு மறுபடி கேளுங்கள்

பாட்டை முடிக்கும்போது மொத்த மிக்ஸ் மேல் கம்ப்ரெசர், லிமிட்டர் போட்டுச் சத்தத்தைக் கூட்டுவோம். அது 6 டெசிபெல் தூக்கினால் மழையும் 6 ஏறும், ஆனால் குரலின் உச்சங்கள் அழுத்தப்படுவதால் குரல் அவ்வளவு ஏறாது. நாம் பார்த்துப் பார்த்து வைத்த 24 இப்போது 20 ஆகியிருக்கும். கம்ப்ரெசர் கடுமையாக இருந்தால், கிடார் ஓங்கி அடிக்கும்போது மழை தாழ்ந்து, அடங்கும்போது எழும். முடிந்தால் குரலையும் கிடாரையும் மட்டும் முதலில் முடித்து ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு, அதற்கு அடியில் மழையைச் சேருங்கள். எங்கள் பாட்டை அப்படித்தான் செய்தோம்.

அப்புறம் மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். ஹெட்போனில் ஒருமுறை. போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, அதில் அடித்தொனி வராது என்பதால் மழையின் மேல்பகுதி மட்டும் ஸ்ஸ் என்று துருத்தலாம். துருத்தினால் `Low-Pass Filter`ஐ 6,000க்கு இறக்குங்கள், அளவைத் தொட வேண்டாம். மூன்றாவதாக, யாருக்காவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அங்கிருந்து கேளுங்கள். மழை போன்ற ஒழுங்கில்லாத சத்தத்தைச் சுருக்குவது எம்பி3 வகைக் கோப்புகளுக்கு மிகக் கடினம். குறைந்த பிட்ரேட்டில் அது சோப்புத் தண்ணீர் சுழல்வது போல ஆகும். நண்பருக்குக் கொடுக்கும் எம்பி3 என்றால் 256 அல்லது 320 கேபிபிஎஸ் வையுங்கள், தளங்களில் ஏற்றுவதற்கு WAV கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோப்பை மூடிவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலையில் முதல் வேலையாக, ஒருமுறை மட்டும், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். எங்கள் பாட்டில் இரண்டாவது சரணத்தில் மழை இன்னும் ஒரு டெசிபெல் கூடுதலாகத் தெரிந்தது, அதை இறக்கினோம். சோன்பப்டி மணியை அரை நொடி பின்னால் தள்ளினோம். பாடிய தம்பியின் அம்மா சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு, மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லி அவனுக்குக் குரல் கொடுத்தார்.